ஞாயிறு மேட்ச், வெள்ளி ஸ்குவாட், கால் கனக்குது: என்ன செய்யலாம்?

பாளை ஸ்டாப்பர் · 10 ஜூன் 2024, திங்கள், இரவு 9.40

ஃபுட்பால்ல ஸ்டாப்பர் ஆடுதேன். எடை 66 கிலோ. வாராவாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மேட்ச். டீம் பிராக்டிஸ் செவ்வாய், வியாழன். ஜிம் புதன், வெள்ளி. புதன் மேல் உடம்பு, வெள்ளி கால். வெள்ளிக்கிழமை செய்யுறது இதுதான்: ஸ்குவாட் 50 கிலோ வச்சு 4 செட் 10, லஞ்ச் 3 செட் 12, நார்டிக் 3 செட் 10, கடைசியில பாக்ஸ் ஜம்ப் 5 செட் 20.

ஞாயிறு முதல் பாதியிலயே தொடை கனக்குது. கார்னர் வந்தா தலை வைக்க எம்ப முடியல. சீசன் முடியுற வரைக்கும் கால் நாளை நிறுத்திரலாமா? டீம்ல பாதிப் பேரு நிறுத்துன்னுதான் சொல்லுதாங்க.

ஆத்துமணல் · 10 ஜூன், இரவு 10.05

நிறுத்திரு தம்பி. பந்து ஆடுதவனுக்கு இரும்பு எதுக்கு? உடம்பு இறுகிப் போயி ஓட்டம் கெட்டுரும். அந்தக் காலத்துல தாமிரபரணி மணல்லதான் ஓடுனாங்க, குதிச்சாங்க. எவனும் ஜிம் வாசல் மிதிச்சதில்ல. மேட்ச்சுக்கு முந்தி ரெண்டு நாள் காலுக்கு ரெஸ்ட், அவ்வளவுதான் விஷயம்.

இரும்புக்கட்டை · 11 ஜூன், காலை 6.15

அண்ணாச்சி கடைசியாச் சொன்னது சரி, முதலில் சொன்னது சரியில்லை. கால் நாளை நிறுத்த வேண்டாம், கிழமையை மாற்றினால் போதும்.

வெள்ளி மாலை 6 மணிக்குச் செய்த வேலையின் நோவு பெரும்பாலும் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். ஞாயிறு மாலை 4 மணி என்பது 46-வது மணி நேரம். மேட்ச்சுக்குக் கால் கனக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தாலும் இதைவிடச் சரியாக வராது. நோவு தெரியாத நாளிலும் எம்பும் உயரமும் ஓட்டத்தின் முதல் பத்தடியும் குறைந்தே இருக்கும். அதைத்தான் கார்னரில் பார்க்கிறீர்கள்.

உங்கள் பட்டியலில் அதிகம் நோவைக் கொடுப்பது முட்டி போட்டு முன்னால் சாய்கிற நார்டிக், அடுத்தது லஞ்ச். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிற வேலை எப்போதும் இப்படித்தான். ஸ்குவாட் மூன்றாவது இடம்தான், ஆனால் பழி முழுக்க அதன் மேல் விழுகிறது.

பாக்ஸ் ஜம்ப் நூறு தடவை, அதுவும் கடைசியில். அது எம்பும் பயிற்சியே இல்லை, மூச்சுப் பயிற்சி. களைத்த காலோடு குதிக்கும்போது முட்டியை நெஞ்சுக்கு இழுத்துத்தான் பெட்டி மேல் ஏறுகிறோம், இடுப்பு உயர்வதில்லை. பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்து மூன்றாவது குதிப்பையும் பதினெட்டாவது குதிப்பையும் பாருங்கள். பெட்டி அதே உயரம்தான், இடுப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

ஒரு கேள்வி: 50 கிலோவில் பத்தாவது ரெப் முடிந்ததும் இன்னும் எத்தனை எடுக்க முடியும்?

பாளை ஸ்டாப்பர் · 11 ஜூன், காலை 8.02

இன்னும் ரெண்டு வரும். மூணாவது சந்தேகம்.

புளியங்குடி 10 · 11 ஜூன், மதியம் 1.30

நல்ல இழை. எனக்கு உயரம் 164. தினமும் பாக்ஸ் ஜம்ப் பண்ணுனா உயரம் கூடுமா? எத்தனை செட்?

முட்டிவைத்தியர் · 11 ஜூன், மதியம் 2.10

தம்பி, இங்கே பேசுறது எம்புற உயரம். நிக்கிற உயரம் இல்ல. அதுக்கு அப்பா அம்மாவத்தான் கேக்கணும்.

புளியங்குடி 10 · 11 ஜூன், மதியம் 2.14

அவங்களும் 160 தான் வே.

இரும்புக்கட்டை · 11 ஜூன், இரவு 9.20

ஸ்டாப்பருக்கு. 50 கிலோவில் 12 வரும் என்றால் ஒரே ஒரு ரெப் எடுக்கக்கூடிய உச்ச எடை சுமார் 70 கிலோ. இது உத்தேசம்தான். சீசன் நடக்கும்போது வேண்டியது 5 ரெப், இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிற மாதிரி. அதாவது 7 ரெப் எடுக்க முடிகிற எடை. அது 57 கிலோ பக்கம் வரும். 55-ல் ஆரம்பியுங்கள். 3 செட் 5. வாரம் 2.5 கிலோ கூட்டலாம். ரெப் மெதுவாகி இழுக்க ஆரம்பித்தால் அந்த வாரம் கூட்ட வேண்டாம்.

புதன் மாலையை முக்கிய நாளாக வையுங்கள். மேட்ச் முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கும், அடுத்த மேட்ச்சுக்கு நான்கு நாள் இருக்கும். மேல் உடம்பைத் திங்களுக்குத் தள்ளிவிடலாம், அன்றைக்குக் காலுக்கு வேலை இல்லை.

புதன்கிழமை வரிசை இப்படி. உடம்பு சூடாக்க 10 நிமிஷம். பிறகு குதிப்பு, கால் புதிதாக இருக்கும்போதே. முதலில் முழங்கால் உயரப் படியிலிருந்து இறங்கி, இரண்டு பாதத்திலும் விழுந்து அசையாமல் நிற்பது, 2 செட் 4. சத்தம் வராமல் விழ வேண்டும், முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. அது சரியானால் மேலே ஒரு குறி வைத்து, நின்ற இடத்திலிருந்து முழு மூச்சாக எம்புவது, 4 செட் 3. ஸ்டாப்பர் என்பதால் அடுத்தது மூன்றடி ஓடி வந்து ஒற்றைக் காலில் எம்புவது, ஒவ்வொரு காலுக்கும் 3 செட் 2. ஒவ்வொரு செட்டுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு நிமிஷம் சும்மா நில்லுங்கள். மொத்தம் 32 குதிப்பு. நூறு செய்தவருக்கு ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

அதன் பிறகு ஸ்குவாட். பிறகு ருமேனியன் டெட்லிஃப்ட் 40 கிலோ 2 செட் 6. பிறகு நார்டிக் 2 செட் 4. கடைசியில் ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது 2 செட் 10. லஞ்ச் வேண்டாம். 50 நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிடலாம்.

பாளை ஸ்டாப்பர் · 11 ஜூன், இரவு 9.45

அண்ணாச்சி, 50-ல இருந்து 55. வெறும் அஞ்சு கிலோதானா? கனமாத் தூக்கச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.

இரும்புக்கட்டை · 11 ஜூன், இரவு 10.00

முன்பு 40 ரெப், 2000 கிலோ. இப்போது 15 ரெப், 825 கிலோ. எடை கூடியிருக்கிறது, மொத்த வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. சீசனில் இந்தப் பேரம்தான் வேண்டும். 55 கிலோவை மெதுவாக இறக்கி, எழும்போது விரட்டி எழுங்கள்.

முட்டிவைத்தியர் · 12 ஜூன், காலை 7.30

புதன் எனக்கு ஒப்பவில்லை. அவருக்கு வியாழன் பிராக்டிஸ் இருக்கு. புதன் ராத்திரி நார்டிக் போட்டுட்டு வியாழன் சாயங்காலம் கோச் ஸ்பிரிண்ட் ஓடச் சொன்னா, களைச்ச பின்தொடையோட முழு வேகத்துல ஓடுதான். பின்தொடை கிழியுறது பெரும்பாலும் வேகமா ஓடும்போதுதான். அதுக்குச் செவ்வாய் நல்லது. பிராக்டிஸ் முடிஞ்ச கையோட ஜிம், புதன் முழு ஓய்வு. கஷ்டமான நாள் முழுக்கக் கஷ்டமாவும், லேசான நாள் நிஜமாவே லேசாவும் இருக்கணும்.

இரும்புக்கட்டை · 12 ஜூன், காலை 7.55

செவ்வாய் மாலை என்பது மேட்ச் முடிந்து 48 மணி. 90 நிமிஷம் ஆடியவருக்குப் பின்தொடை பலம் பல நேரம் அதற்குள் முழுதாகத் திரும்புவதில்லை. அதன் மேல் பிராக்டிஸ், அதன் மேல் நார்டிக்.

முட்டிவைத்தியர் · 12 ஜூன், காலை 8.10

நம்ம லீக்குல எங்க 90 நிமிஷம்? 35, 35 தான பாதி மேட்ச். அதுலயும் ஸ்டாப்பர், விங் ஓடுற மாதிரி ஓடமாட்டான். விங்குக்குன்னா நீங்க சொல்லுத புதன் சரி, வியாழன் ஸ்பிரிண்ட்ட கோச்சிட்ட பேசிக் குறைச்சுக்கணும். ஸ்டாப்பருக்குச் செவ்வாய்.

இரும்புக்கட்டை · 12 ஜூன், காலை 8.20

வியாழன் பிராக்டிஸில் வேக ஓட்டம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. இருந்தால் நீங்கள் சொல்வது, வெறும் பாஸிங்கும் செட்-பீஸும் என்றால் நான் சொல்வது. செவ்வாய் வைத்தால் ஒன்று கவனிக்க வேண்டும்: குதிப்பு பிராக்டிஸுக்கு முன்னால், வார்ம்-அப் முடிந்ததும் கிரவுண்டிலேயே. எடை பிராக்டிஸ் முடிந்த பிறகு. எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளினால் பழைய பாக்ஸ் ஜம்ப் கதைதான்.

ஆத்துமணல் · 12 ஜூன், மதியம் 12.40

ரெண்டு டாக்டருக்கு நடுவுல நோயாளி பொழைச்சா சரி. மணல்ல குதிக்கிறதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கலியே?

முட்டிவைத்தியர் · 12 ஜூன், மதியம் 1.05

ஆத்துல மணல் எங்க அண்ணாச்சி மிச்சம் இருக்கு?

இரும்புக்கட்டை · 12 ஜூன், இரவு 9.10

மணலுக்கு இடம் உண்டு. விழும்போது அடி குறைவு, அடுத்த நாள் நோவும் குறைவு. சீசனுக்கு முன்னால், முதல் மூன்று நான்கு வாரம் குதிக்கப் பழகுகிறவருக்கு நல்லது. ஆனால் மணலில் கால் புதைகிறது. தரையைத் தொட்ட வேகத்தில் திரும்பி எழுகிற அந்தத் துள்ளல் அங்கே பழகாது, மேட்ச்சில் வேண்டியது அதுதான். கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் மணலில் வேலை அதிகம், முதல் நாளே அரை மணி நேரம் ஓடினால் மறுநாள் தெரியும்.

நம் ஊரில் பிரச்சினை எதிர்ப்பக்கம். கோடையில் செம்மண் கிரவுண்டு சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அதில் உயரத்திலிருந்து இறங்கிக் குதிக்கிற வேலை வேண்டாம். கிரவுண்டு ஓரத்தில் புல் இருக்கிற இடம், இல்லையென்றால் ஜிம் ரப்பர் தரை. மொட்டைமாடித் தரை எதற்கும் ஆகாது.

வள்ளியூர் கீப்பர் · 13 ஜூன், காலை 6.50

கீப்பர்களுக்கும் இதே பட்டியலா? எனக்கு முட்டிச் சில்லுக்குக் கீழ, ஒரு விரல் வைக்கிற இடத்துல வலி. ஆரம்பத்துல வலிக்கும், உடம்பு சூடானா போயிரும், மறுநாள் காலைல படி இறங்கும்போது திரும்ப வரும். நாலு வாரமா இருக்கு. ஜம்ப் கூடச் செஞ்சா பழகிருமா?

முட்டிவைத்தியர் · 13 ஜூன், காலை 7.40

கூடச் செஞ்சா பழகாது, முத்தும். நீங்க சொல்லுறது சில்லுக்குக் கீழ இருக்குற தசைநாண் மாதிரி இருக்கு. அதுக்குக் குதிப்பத்தான் குறைக்கணும், எடையைக் குறைக்க வேண்டாம். பெரும்பாலும் ஆளுங்க தலைகீழாச் செய்யுதாங்க: வலிக்குதுன்னு ஸ்குவாட்ட விட்டுட்டு, கிரவுண்டுல 60 தடவை டைவ் அடிக்காங்க.

இப்போதைக்குத் தனியா ஜம்ப் பயிற்சியே வேண்டாம். கீப்பர் பிராக்டிஸ்ல எம்புறதும் பாயுறதும் எல்லாமே குதிப்புக் கணக்குத்தான். ஒரு நாள் எண்ணிப் பாருங்க. அதப் பாதியாக்குங்க, ரெண்டு நாளைக்கு ஒருதடவை மட்டும் வச்சுக்கிடுங்க. செவுத்துல சாஞ்சு நாற்காலி மாதிரி உக்காருங்க, 45 விநாடி, 5 தடவை, நடுவுல ரெண்டு நிமிஷம் ஓய்வு. பல பேருக்கு அன்னைக்கு வலி இறங்கும். வாரம் ரெண்டு மூணு நாள் மெதுவான ஸ்குவாட், இறங்க மூணு விநாடி, ஏற மூணு விநாடி.

அளவு எப்படித் தெரியும்னா, வலி பத்துல மூணுக்கு மேல போகக் கூடாது, மறுநாள் காலைல படி இறங்கும்போது முந்தின நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தா நேத்துச் செஞ்சது அதிகம். வீக்கம் வந்தாலோ, முட்டி பூட்டிக்கிட்டாலோ, திடீர்னு கால் மடிஞ்சாலோ இது வேற விஷயம். நேர்ல எலும்பு டாக்டரப் பாருங்க.

பாளை ஸ்டாப்பர் · 16 ஜூன், ஞாயிறு, இரவு 8.30

செவ்வாய் தவறிப் போச்சு, புதன் செஞ்சேன். இன்னைக்குக் கால் லேசா இருந்துச்சு. ஆனா வியாழன், வெள்ளி பின்தொடை பயங்கர வலி. 2 செட் 4 நார்டிக்குக்கே இப்படியா? முன்ன 30 செய்யும்போது இவ்வளவு வலிக்கலியே.

இரும்புக்கட்டை · 16 ஜூன், இரவு 9.15

முன்பு எப்படிச் செய்தீர்கள்? காலை யார் பிடித்தது?

பாளை ஸ்டாப்பர் · 16 ஜூன், இரவு 9.25

முன்ன பெஞ்சுக்கு அடியில காலைச் சொருகிச் செய்வேன். இந்தத் தடவை ஒரு பையன் மேல உக்காந்து பிடிச்சான்.

இரும்புக்கட்டை · 16 ஜூன், இரவு 9.50

அதுதான். பெஞ்ச் ஆடும், கால் வழுக்கும். நம்மை அறியாமலே இடுப்பை மடக்கி, பாதி தூரத்தில் கையை ஊன்றிவிடுவோம். அந்த முப்பது நார்டிக்கே இல்லை. இப்போது செய்தது முதல் நிஜ நார்டிக்.

சரியான முறை: முட்டிக்கு அடியில் மடித்த துண்டு. பிடிக்கிறவர் கணுக்காலுக்குச் சற்று மேலே, குதிகால் பக்கமாகத் தன் எடையைப் போட வேண்டும். முட்டியிலிருந்து தலை வரை ஒரே கோடு. எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாய்ந்து, இனித் தாங்காது என்கிற இடத்தில் கையில் விழுங்கள். கையால் தள்ளியே மேலே வாருங்கள், பின்தொடையால் இழுத்து ஏற வேண்டாம். வாரத்துக்கு வாரம் அந்த விழுகிற இடம் தரைக்குப் பக்கமாக நகரும், முன்னேற்றத்தின் அளவு அதுதான்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நோவு வெகுவாகக் குறையும். ஒருதடவை நொந்த தசை அதே வேலைக்கு மறுபடி அவ்வளவு நோகாது. ஆனால் பல வாரம் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தால் திரும்பவும் வலிக்கத் தொடங்கும். செமஸ்டர் பரீட்சைக்கு விட்டுவிட்டு, டோர்னமெண்டுக்கு முந்தின வியாழன் ஞாபகம் வந்து 3 செட் போடுகிறவர்கள்தான் "நார்டிக் செய்ததால் பின்தொடை பிடித்துக்கொண்டது" என்று சொல்வது. வாரம் 2 செட் 4, விடாமல். அடுத்த வாரம் இதே அளவு, அதற்கு அடுத்த வாரம் 2 செட் 5.

புளியங்குடி 10 · 17 ஜூன், காலை 10.00

நான் பெஞ்ச்ல 3 செட் 12 போடுதேன். இப்பத்தான் தெரியுது.

வள்ளியூர் கீப்பர் · 24 ஜூன், திங்கள், இரவு 9.00

படி இறங்குற வலி குறைஞ்சிருக்கு, போகல. வேற கேள்வி. அடுத்த மாசம் டோர்னமெண்ட். ஞாயிறு லீக், புதன் நாக்-அவுட், திரும்ப ஞாயிறு. முக்கிய நாள்னு ஒண்ணு வைக்க இடமே இல்ல. அந்த ரெண்டு வாரம் ஜிம்ம விட்டுரலாமா?

இரும்புக்கட்டை · 25 ஜூன், காலை 6.20

ஒரு வாரம் என்றால் விடலாம், ஒன்றும் போகாது. அதையே பழக்கமாக்கினால் போய்விடும். நார்வே தொழில்முறை வீரர்களை வைத்து 2011-ல் வந்த ஓர் ஆய்வு உண்டு. சீசனுக்கு முன்னால் சேர்த்த கால் பலத்தை, சீசனில் வாரம் ஒருமுறை தூக்கியவர்கள் தக்க வைத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூக்கியவர்களுக்குக் குறைந்தது.

உங்கள் வாரத்தில் வெள்ளிக்கிழமை, புதன் மேட்ச் முடிந்து இரண்டு நாள், ஞாயிறுக்கும் இரண்டு நாள். அன்றைக்கு ஸ்குவாட் மட்டும், வழக்கமான எடையே, 2 செட் 3. எடையைக் குறைக்க வேண்டாம், ரெப்பைக் குறையுங்கள். நார்டிக், லஞ்ச் எதுவும் கிடையாது. மொத்தம் 15 நிமிஷம். இந்த அளவு ஏற்கெனவே பழகிய காலுக்குத்தான். புதிதாக ஆரம்பிக்கிறவர் டோர்னமெண்ட் வாரத்தில் ஆரம்பிக்கவே கூடாது.

முட்டிவைத்தியர் · 25 ஜூன், காலை 8.00

நார்டிக்க ரெண்டு வாரம் விட்டா நீங்க சொன்ன அந்த நோவுப் பிரச்சினை வராதா? நான்னா புதன் மேட்ச் முடிஞ்ச ஒரு மணி நேரத்துல, கிரவுண்டுலயே ஒரு செட் 4 போடச் சொல்லுவேன். எப்படியும் வியாழன் கால் வலிக்கும், அதோட சேர்ந்து போயிரும்.

இரும்புக்கட்டை · 25 ஜூன், காலை 8.30

தோற்ற மேட்ச்சுக்கு அப்புறம் யார் செய்வார்கள்? களைத்த தசையில் நார்டிக் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. செய்கிற டீம்களும் உண்டு. நான் சொல்ல மாட்டேன்.

இதைவிட யாரும் கவனிக்காத ஆள் ஒருவர் இருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பத்து நிமிஷம் ஆடியவர். மற்றவர்களோடு சேர்ந்து அவரும் திங்கள் ஓய்வெடுக்கிறார். அவருக்கு எதற்கு ஓய்வு? அவர் அன்றைக்கே முழுப் பட்டியலையும் செய்யலாம், நாலைந்து 40 மீட்டர் வேக ஓட்டமும் சேர்த்து. நான்கு வாரம் பெஞ்சில் இருந்துவிட்டுத் திடீரென்று முழு மேட்ச் ஆடி பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவது பெரும்பாலும் இவர்தான்.

ஆத்துமணல் · 25 ஜூன், மாலை 5.15

குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சிட்டு. ஞாயிறு பாதி டீம் அருவிலதான் நிக்கும். எல்லாருக்கும் முழு ஓய்வு.

பாளை ஸ்டாப்பர் · 30 ஜூன், ஞாயிறு, இரவு 9.10

மூணு வாரம் ஆச்சு. ஸ்குவாட் 60. நார்டிக் வலி போச்சு. ஆனா எம்புறது கூடிருக்கா இல்லையான்னு எப்படி அளக்க? செவுத்துல சாக்பீஸ் வச்சுப் பாத்தேன். ஒருநாள் 44, இன்னொருநாள் 47, நேத்து 45.

இரும்புக்கட்டை · 1 ஜூலை, காலை 6.30

மூன்றும் ஒன்றுதான். சாக்பீஸில் கையை எட்டுகிற விதத்திலேயே இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். போனில் ஸ்லோ மோஷன் இருந்தால், கையை இடுப்பில் வைத்து எம்பி, பாதம் தரையை விட்ட ஃபிரேமிலிருந்து மறுபடி தொட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். 240 ஃபிரேம் வேகத்தில் 120 ஃபிரேம் என்றால் அரை விநாடி. கணக்கு:

```
h = 9.81 × t² ÷ 8
t = 0.5  →  h = 0.307
```

அதாவது சுமார் 31 சென்டிமீட்டர். ஒரு ஃபிரேம் தவறினால் அரை சென்டிமீட்டர்தான் மாறும். கை இடுப்பில் இருப்பதால் சாக்பீஸ் எண்ணைவிடக் குறைவாக வரும், இரண்டையும் ஒப்பிடாதீர்கள். முட்டியை மடக்கிக்கொண்டு விழுந்தால் காற்றில் இருக்கும் நேரம் பொய்யாகக் கூடும், எழும்பின மாதிரியே காலை நீட்டி விழ வேண்டும்.

சனிக்கிழமை காலை மூன்று தடவை எம்பி, நல்லதைக் குறித்து வையுங்கள். நான்கைந்து சனிக்கிழமை சேர்ந்தால் உங்கள் வழக்கமான எண் தெரியும். ஒரு சனிக்கிழமை அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் புதன் வேலை இன்னும் காலில் இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு செட்டைக் குறைக்கலாம். உயரம் கூடியதா என்பதற்கு மூன்று வாரம் போதாது, எட்டாவது வாரத்தில் பாருங்கள்.

முட்டிவைத்தியர் · 1 ஜூலை, காலை 7.15

அந்தச் சனிக்கிழமை எம்புறதயே முந்தின நாள் தயாரிப்பாவும் வச்சுக்கிடலாம். அதோட 15 மீட்டர் ஓட்டம் மூணு, அவ்வளவுதான். இருபது நிமிஷம். சில ஆளுக்கு இது மறுநாள் சுறுசுறுப்பு குடுக்கும், சில ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு விதமும் பாத்திருக்கேன்.

பாளை ஸ்டாப்பர் · 1 ஜூலை, இரவு 8.40

சரி. இன்னொரு சிக்கல். இந்த வாரம் கிரவுண்டு கிடைக்கலன்னு மேட்ச்ச சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்க. புதன்லயே செய்யலாமா?

இரும்புக்கட்டை · 1 ஜூலை, இரவு 8.55

புதன் செய்தால் மூன்று நாள்தான். நார்டிக்கை ஒரு செட் ஆக்கி, ருமேனியனை விட்டுவிட்டுப் புதன் செய்யலாம். முழுப் பட்டியலும் வேண்டும் என்றால் நாளைக்கே, பிராக்டிஸ் முடிந்ததும்.

முட்டிவைத்தியர் · 1 ஜூலை, இரவு 8.58

செவ்வாய்! கடைசில நம்ம பக்கம் வந்துட்டீங்களே அண்ணாச்சி.

இரும்புக்கட்டை · 1 ஜூலை, இரவு 9.02

இந்த வாரத்துக்கு மட்டும்.